வைவாவுக்குப் பிறகு எழுதும் திருத்தக் கடிதம்

"அக்கா, போன வாரம் என் பிஎச்.டி. வைவா முடிந்தது. மைனர் கரெக்‌ஷன்ஸ், மூன்று மாத அவகாசம். ரிப்போர்ட்டில் 11 திருத்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் எப்படிச் செய்தேன் என்று திருத்திய ஆய்வேட்டோடு ஒரு கடிதமும் கொடுக்க வேண்டுமாம். பிரிட்டனில் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அதை எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?"

தம்பி, நான் முதலில் கொடுத்த கடிதம் ஒரே பக்கம்தான். எண் 1, திருத்தப்பட்டது. எண் 2, திருத்தப்பட்டது. இப்படியே கடைசி வரை. மூன்று வாரம் கழித்து, "எங்கே, எப்படி என்று தெரியவில்லை, விளக்கி மறுபடி அனுப்பவும்" என்று திரும்பி வந்தது. வேலை எல்லாம் முடிந்துதான் இருந்தது, கடிதம் அதைக் காட்டவில்லை.

மைனர் கரெக்‌ஷன்ஸ் என்றால் பெரும்பாலும் இன்டர்னல் எக்ஸாமினர் ஒருவர்தான் பார்த்து ஒப்புதல் தருவார். அவர் உன் ஆய்வேட்டை மறுபடி முதலிலிருந்து படிக்க மாட்டார். ரிப்போர்ட்டை ஒரு பக்கமும் உன் கடிதத்தை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போடுவார். ஆய்வேட்டைத் திறக்காமலே பாதிக்கு மேல் டிக் போட முடிந்தால் அது நல்ல கடிதம். அதற்கு மூன்று விஷயம் போதும்: அவர்கள் கேட்டதை அவர்களுடைய சொற்களிலேயே அப்படியே எடுத்துப் போடு, நீ என்ன செய்தாய் என்று சொல், புதிதாக எழுதிய வரிகளைப் பக்க எண்ணோடு கடிதத்திலேயே கொடு. கேட்டதை உன் சொற்களில் சுருக்காதே. சுருக்கும்போது கடினமான பாதி நழுவிவிடும், அது அவர் கண்ணில் முதலில் படும்.

நான் தடுக்கி விழுந்த திருத்தத்தையே சொல்கிறேன். என் ஆய்வு கான்கிரீட்டில் சிலிக்கா ஃப்யூம் சேர்ப்பது பற்றி. சேர்த்தது 6 கலவை, சேர்க்காதது 6 கலவை, ஒவ்வொரு கலவையிலும் 3 கியூப் என்று மொத்தம் 36 கியூபை 28 நாள் கழித்து உடைத்துப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் வந்தது இது: "36 கியூப்களும் 12 கலவைகளிலிருந்து வந்தவை. அவற்றைத் தனித்தனி மாதிரிகளாகக் கருதியது சரியல்ல. மறுபடி கணக்கிட்டு, முடிவுகளில் அதன் விளைவைக் காட்டவும்." நியாயமான கேள்விதான். ஒரே கலவையில் ஊற்றிய மூன்று கியூபும் கூடப்பிறந்தவை மாதிரி, ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். அவற்றைத் தனித்தனியாக எண்ணினால் இல்லாத உறுதி கிடைத்துவிடும்.

கலவைக்கு ஒரு சராசரி என்று 12 எண்களை வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். இரு வகைக் கலவைகளின் வலிமையில் இருந்த சராசரி வித்தியாசம் மாறவில்லை, அதே 3.1 மெகாபாஸ்கல். ஆனால் 95 சதவீத நம்பக இடைவெளி முன்பு 1.6 முதல் 4.6 வரை இருந்தது, இப்போது 0.4 முதல் 5.8 வரை விரிந்துவிட்டது. அட்டவணையை மாற்றினேன், "திருத்தப்பட்டது" என்று எழுதினேன். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்த "முடிவுகளில் அதன் விளைவை" என்ற இரண்டாவது பாதி? அதையும் செய்திருந்தேன், கடிதத்தில் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் முறை எழுதியதைத் தமிழில் தருகிறேன், நீ ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாய்:

"ஏற்கிறேன். கலவையை அடிப்படை அலகாகக் கொண்டு மறுபடி கணக்கிட்டேன் (பிரிவு 3.5, பக்கம் 71). அட்டவணை 4.6 மாற்றப்பட்டுள்ளது (பக்கம் 98). சராசரி வித்தியாசம் 3.1 மெகாபாஸ்கலாகவே உள்ளது, நம்பக இடைவெளி 0.4–5.8 ஆக விரிந்துள்ளது. ஆகவே பக்கம் 143-இல் 'வலிமை கணிசமாகக் கூடுகிறது' என்றிருந்ததை 'வலிமை கூடுகிறது, எவ்வளவு என்பதை இந்த 12 கலவைகளால் துல்லியமாகச் சொல்ல முடியாது' என்று மாற்றினேன். சுருக்கவுரையிலும் அதே மாற்றம் (பக்கம் ii)."

ஒரு திருத்தம் நான்கு இடத்தைத் தொட்டது பார். சுருக்கவுரையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். உள்ளே முடிவு தணிந்திருக்கும், முதல் பக்கத்தில் பழைய உறுதி அப்படியே நிற்கும். எண் மாறிய ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய எண்ணை ஆய்வேடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை எழுது.

இன்னொரு திருத்தத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. 90 நாள் வலிமையையும் சேர்க்கச் சொன்னார்கள். புதிதாக வார்த்து 90 நாள் காத்திருந்தால் மூன்று மாதமும் அதிலேயே போய்விடும். இந்த மாதிரி விஷயத்தைக் கடிதத்தில் முதல் முறையாகச் சொல்லாதே, அது மறுப்பு மாதிரி இருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் வழியாக எக்ஸாமினரைக் கேட்டு வாங்கு. ஆய்வின் வரம்பாக ஒரு பத்தி எழுதினால் போதும் என்று எனக்குப் பதில் வந்தது. கடிதத்தில், இன்ன தேதி மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டபடி என்று ஒரு வரி, அந்தப் பத்தியின் முதல் இரண்டு வாக்கியம், அவ்வளவுதான்.

ரிப்போர்ட்டின் வினைச்சொல்லையும் கவனி. "செய்ய வேண்டும்" என்பது கட்டாயம். "பரிசீலிக்கலாம்" என்பது உன் விருப்பம், ஆனாலும் பதில் எழுதாமல் விடாதே. செய்யவில்லை என்றால் ஏன் என்று ஒரே வாக்கியத்தில் சொல், பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். எழுத்துப்பிழைகள், படத்தலைப்புகள் எல்லாவற்றையும் கடைசியில் ஒரு பட்டியலாகப் போட்டுவிடு. உன் 11 திருத்தத்துக்கு நான்கைந்து பக்கம் வரும், அது அதிகமில்லை. தொடக்கத்தில் நன்றி ஒரு வரி போதும், நம்மவர்கள் அரைப் பக்கம் எழுதிவிடுகிறோம்.

பக்க எண்களை மட்டும் ஆகக் கடைசியில் நிரப்பு. மாற்றங்கள் தெரியும்படி வைத்த கோப்பில் நீக்கிய வரிகளும் இடம் பிடிப்பதால் அதன் பக்க எண்ணும் சுத்தமான பிரதியின் பக்க எண்ணும் வேறாக இருக்கும். எந்தக் கோப்பின் பக்கம் என்று கடிதத்தின் மேலேயே சொல்லிவிடு. நான் 98 என்று எழுதிய அட்டவணை ஒரு கோப்பில் 104-இல் இருந்தது, அனுப்பும் முன் இரவில் எல்லாவற்றையும் மறுபடி மாற்றினேன்.

அப்புறம், விசா. படிப்பு முடிந்தது என்று பல்கலைக்கழகம் ஹோம் ஆபீசுக்குத் தெரிவித்த பிறகுதான் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும், அதுவும் மாணவர் விசா முடிவதற்குள். எக்ஸாமினர் ஒப்புதல் தந்து, இறுதிப் பிரதியைக் கொடுத்து, பட்டம் உறுதியாகி, அதற்குப் பிறகுதான் அந்தத் தகவலே போகும். விசா முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணு. கடிதம் ஒரு முறை திரும்பி வந்தால் ஆகும் வாரங்களையும் சேர்த்தே எண்ணு. இடைவெளி குறைவாக இருந்தால் மூன்று மாதமும் முடியட்டும் என்று இருக்காமல், இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் விசா அலுவலகத்தில் பேசிவிடு.