ஜிப் வகையை டெய்லர் படத்திலேயே கண்டுபிடிக்க

கேள்வி: ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்ததும் கீழே பிளந்துகொள்கிறது. ஊரில் இருக்கும் டெய்லருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால், என்ன ஜிப் என்று கண்டுபிடித்து வாங்கி வைப்பாரா?

பதில்: கண்டுபிடிப்பார். ஆனால் முன்பக்கப் படம் ஒன்று மட்டும் போதாது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் பல்லில் பழுது இருக்காது. பல்லின் மேல் ஏறி இறங்கும் ரன்னரின் வாய் தேய்ந்து அகன்றிருக்கும். அப்படியென்றால் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். பல் ஏதாவது உதிர்ந்திருந்தாலோ, அடியில் இருக்கும் குச்சி துணியிலிருந்து பிய்ந்திருந்தாலோதான் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டும்.

என் தம்பியின் பைக் ஜாக்கெட்டுக்கும் இதே கோளாறுதான் வந்தது. முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். டெய்லர் 5ஆம் நம்பர் நைலான் ரன்னர் வாங்கி வைத்திருந்தார். கோர்த்துப் பார்த்தால், பிடித்து இழுக்கிற நாக்கு ஜாக்கெட்டின் உட்பக்கம் போய்விட்டது! அந்த ஜிப்பில் பல்லாக இருக்கும் நைலான் சுருள் பின்பக்கம் இருந்தது, முன்னால் வழவழப்பான நாடா மட்டும்தான். அதற்கு ரன்னரே வேறு. பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்திருந்தால் அவர் பார்த்ததுமே சொல்லியிருப்பார்.

அதனால் ஜாக்கெட்டை மேசையில் விரித்து, ஜிப்பை மூடி, இரண்டு பக்கமும் கிட்டத்தில் எடுங்கள். வளைந்து வளைந்து ஓடும் ஒரே நரம்பு போலத் தெரிந்தால் நைலான் சுருள். தனித்தனிக் கட்டியாக நாடாவில் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பல். ஒவ்வொரு பல்லும் கால் மடக்கி நாடாவைக் கவ்வியிருந்தால் உலோகம். நம்பர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் ரன்னர் இன்னொன்றில் ஓடாது.

அடுத்து ரன்னரின் முதுகு. பெரும்பாலும் அங்கே 3, 5, 8 என்று ஓர் எண் குத்தியிருக்கும், சிலவற்றில் பக்கத்தில் ஓர் எழுத்தும் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து எடுத்தால் எண் தெளிவாகத் தெரியும். எண் அழிந்திருந்தால், மூடிய பல்வரிசையின் குறுக்கே ஸ்கேலை ஜிப்போடு ஒட்டி வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். அந்த அகலம் மில்லிமீட்டரில் எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் நம்பர். 6 வந்தால்கூட 5ஆம் நம்பராகத்தான் இருக்கும். போனைச் சாய்த்துப் பிடித்தால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் அந்தச் சின்ன எண் மங்கிவிடும்.

முழு ஜிப்பையே மாற்றுவதாக இருந்தால் வகை அப்படியே பொருந்த வேண்டிய அவசியமில்லை, இரண்டு பக்கமும் புதிதாகத்தானே தைக்கப்போகிறார். அப்போது நீளத்தையும், அடியில் இரண்டாகப் பிரியும் ஜிப் என்பதையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். நீளத்தைப் பல் தொடங்கும் இடத்திலிருந்து, அடியில் குச்சி நுழையும் பெட்டியின் முனை வரை அளவெடுங்கள். மேலே நீண்டு நிற்கும் நாடாவைச் சேர்க்க வேண்டாம்.