எட்டு ஆண்டுப் பணிக்காலத்தைக் கல்லூரிக் கட்டணமாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் டிப்ளமா படிப்போடு எட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் உங்கள் முப்பது வயது மகன், வேலையை விட்டுவிட்டு முழுநேர மேலாண்மைப் படிப்பில் சேர வேண்டும் என்று அவருடைய தாய்மாமன் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். எட்டு லட்ச ரூபாய்க் கட்டணத்தில் ஒரு பகுதிக்கு வைப்பு நிதியோடு ஓய்வூதியப் பணத்தையும் எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் எடுக்கக் கூடாது என்பதே என் பதில்.

1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும். கடைசி ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது முழு ஆண்டாகக் கணக்கிடப்படுவதால், ஒன்பதரை ஆண்டு முடித்தவரும் தகுதி பெற்றவராகிறார். அப்படியானால் உங்கள் மகனுக்கு மீதமிருப்பது 18 மாதமே. அந்த 18 மாதத்தை விட்டுக்கொடுத்து அவர் பெறப்போவது என்ன? வைப்பு நிதிக் கணக்கில் அவருடைய ஊதியம் தொடக்கம் முதல் 15,000 ரூபாயாகவே காட்டப்பட்டிருப்பதால், முதலாளி தரும் பங்கிலிருந்து ஓய்வூதியத்துக்கு மாதம் 1,250 ரூபாய், எட்டு ஆண்டில் 1,20,000 ரூபாய் சென்றிருக்கும். திட்டத்தின் அட்டவணைப்படி எட்டு ஆண்டுக்கு ஊதியத்தைப் போல் 8.22 மடங்கு, அதாவது 1,23,300 ரூபாய் கைக்கு வரும். எட்டு ஆண்டுக்கான வட்டி என்று பார்த்தால் மிஞ்சுவது 3,300 ரூபாய்தான். மேலும், வேலையை விட்ட இரண்டு மாதத்தில் இதை எடுக்கலாம் என்றிருந்த காத்திருப்பை 36 மாதமாக்க 2025 அக்டோபரில் வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவு செய்தது. ஆகவே சேர்க்கைக் கட்டணத்துக்கு இதை நம்புவதே பிழையான கணக்கு.

பத்து ஆண்டு நிறைந்தால் 15,000ஐப் பத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க, மாதம் ஏறத்தாழ 2,143 ரூபாய் ஓய்வூதியம் வரும். இது சிறிய தொகைதான். விலைவாசிக்கேற்ப உயர்வதும் இல்லை. 1,23,300 ரூபாயை 28 ஆண்டு வங்கியில் போட்டு வைத்தால் அதுவும் வளரும் என்று தாய்மாமன் சொல்லக்கூடும். அது உண்மையே, ஆனால் அந்தப் பணம் வங்கிக்குப் போகவில்லை, கல்லூரிக்குப் போகிறது. தகுதி பெற்ற உறுப்பினர் வேலையை விட்டபின் 58 வயதுக்குள் இறந்தால் அவருடைய மனைவிக்கு ஓய்வூதியம் கிடைக்கும். வங்கி வைப்பில் அந்தப் பாதுகாப்பு இல்லை. இருபது ஆண்டுப் பணி முடிப்பவருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. இன்று பணத்தை எடுத்தால் எட்டு ஆண்டும் அழிந்து, அடுத்த வேலையில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

உறவினர் எவரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று உண்டு: திட்டச் சான்றிதழ். வேலையை விட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், பணம் கேட்பதற்கு நிரப்பும் அதே படிவம் 10சியில், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழைக் கோரலாம். உமாங் செயலி வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அவருடைய பணிக்காலம், ஊதியம், குடும்பத்தினர் விவரம் ஆகியவை அதில் பதிவாகும். சில ஆண்டு இடைவெளிக்குப் பின் வைப்பு நிதி பிடிக்கும் வேறொரு நிறுவனத்தில் சேரும்போது, அந்தச் சான்றிதழைப் புதிய நிறுவனத்தின் வழியாக வைப்பு நிதி அலுவலகத்தில் ஒப்படைத்தால் பழைய எட்டு ஆண்டும் புதிய பணியோடு சேரும். பிறகு ஒன்றரை ஆண்டு வேலை பார்த்தால் போதும். வேலையின்றி இருக்கும் இடைவெளி பணிக்காலமாகக் கணக்கில் சேராது. ஆனால் முன்பு சேர்ந்ததை அழிக்கவும் செய்யாது.

ஆனால் உங்கள் மகனுக்கு இந்தச் சான்றிதழ்கூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அவர் விரும்புவது பகுதிநேர பி.இ. என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். டிப்ளமா முடித்து வேலையில் இருப்போருக்காகவே கோவையின் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை மாலையில் அதை நடத்துகின்றன. சம்பளம் நிற்காது, முதல் மூன்று பருவம் முடிவதற்குள் ஓய்வூதியத் தகுதியும் வந்துவிடும். இயந்திரங்களோடு இருக்க விரும்பும் ஒருவரைக் கடன் வாங்கி மேலாண்மைப் படிப்பில் சேர்ப்பதற்கு நான் ஒப்புதல் தர மாட்டேன்.

இந்த வாரமே அவருடைய உறுப்பினர் கணக்கில் பணி வரலாற்றைத் திறந்து பாருங்கள். இதற்கு முன் வேறு நிறுவனத்தில் வேலை பார்த்திருந்து, அங்கிருந்து விலகிய தேதி பதிவாகாமல் இருந்தால் அந்தப் பணிக்காலத்தை இப்போதைய கணக்குக்கு மாற்ற முடியாது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதத்துக்குப் பின் அந்தத் தேதியை உறுப்பினரே பதிந்துகொள்ளலாம். கணக்கு மாற்றப்பட்டபின் புதிய பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தி பூஜ்யமாகத் தெரிந்தால் பதற வேண்டாம்; பணிக்காலம்தான் மாறுகிறது, அந்தத் தொகை மாறுவதில்லை. சம்பளமில்லா விடுப்பு நாட்கள் பங்களிப்பு இல்லாத நாட்களாகப் பதிவாகிப் பணிக்காலத்திலிருந்து கழிக்கப்படும். அப்படி அறுபது நாட்கள் இருந்தால், மீதமுள்ள 18 மாதத்தை 20 மாதமாகக் கொள்ளுங்கள்.