இருட்டில் எழுதிய மொய்

அன்புள்ள ஐயா,

ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிளாக, அதாவது சி.ஏ. படிப்புக்கான பயிற்சியில் இருக்கிறேன். ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கைக்காகப் பத்து நாள் ஓசூர் போகிறோம். சீனியரோடு ஒரே அறை, ஒரே சாப்பாடு, ஒரே பஸ். எனக்கு வாய் நிற்காது. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று ஒரு பட்டியல் தருவீர்களா? யார் முதலில் குளிப்பது என்பதுகூடக் குழப்பமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள தம்பி,

பட்டியல் தரமாட்டேன். குளியல் விஷயத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், இதற்கெல்லாமா கடிதம்? வாராக்கடன் கணக்குக்காரர் பெயரை மட்டும் பஸ்ஸில் உச்சரிக்காதீர்கள். முன் சீட்டில் அவருடைய மச்சான் உட்கார்ந்திருப்பார்.

நானும் உங்களைப் போல ஆர்ட்டிகிளாக இருந்தவன்தான். தருமபுரியில் லாட்ஜ், இரண்டு கட்டில், நடுவே ஒரு ஸ்டூல். இரவு எட்டரை வரை கிளையில் கடன் கோப்புகளைப் புரட்டிவிட்டு, பரோட்டா தின்றுவிட்டு வந்து படுப்போம். பகலெல்லாம் ஒன்றும் ஆகாது. விளக்கை அணைத்த பிறகுதான் ஆபத்து. முகம் தெரியாது, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம் என்பதே மறந்துவிடும். பஸ்ஸிலும் இதேதான். தொப்பூர் கணவாயில் வண்டி ஊர்ந்து இறங்கும்போது இருவரும் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருப்போம். எதிரெதிரே உட்கார்ந்தால் தொண்டையில் நிற்கும் பேச்சு அங்கே தானாக வந்துவிடும்.

ஓரிரவு சீனியர் தன் அக்கா வீட்டுச் சொத்துத் தகராறைச் சொன்னார். உடனே எனக்குள் ஒரு கூச்சம். இவ்வளவு சொல்லியிருக்கிறாரே, நாம் சும்மா இருப்பதா? இரண்டாம் முறையும் தேர்வில் தவறியதையும், அதற்காக அப்பா வட்டிக்கு வாங்கியதையும் கொட்டிவிட்டேன். அவர் என்னிடம் எதையும் விசாரிக்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து எங்கள் ஆடிட்டர் எல்லோர் முன்னாலும், “அப்பா கடன் அடைஞ்சுதாப்பா?” என்று கனிவாகக் கேட்டார். சீனியர் கெட்டவர் இல்லை. எனக்கு உதவி கிடைக்கட்டும் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கனிவை என்னால் தாங்க முடியவில்லை.

இதைத்தான் பல நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நாம் ரகசியத்தை மொய்யாக நினைக்கிறோம். அவர் ஐந்நூறு எழுதினால் நாம் ஐந்நூற்றொன்று எழுதியாக வேண்டும் என்று கை பரபரக்கிறது. கல்யாண மொய்க்கு நோட்டு உண்டு, திருப்பிச் செய்யாவிட்டால் ஊர் பேசும். இதற்கு நோட்டு ஏது? அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்னால் அந்த அக்காவைப் பற்றியே கேளுங்கள். “அப்புறம் பத்திரம் யார் பேர்ல இருக்குண்ணே?” என்று கேட்டால் போதும், அவர் மனமும் ஆறும், உங்கள் அப்பாவும் சேலத்திலேயே பத்திரமாக இருப்பார். “எனக்கும் அப்படித்தான்ணே” என்று வாய் திறந்தால் தொலைந்தீர்கள். வாய் நிற்காது என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்! வாய் நிற்காதவன் கதை சொல்லட்டும், சினிமா சொல்லட்டும், முதல் சம்பளத்தில் ஏமாந்து வாங்கிய செருப்பைப் பற்றிச் சொல்லட்டும். வீட்டுக் கடனைத்தான் சொல்ல வேண்டுமா?

அப்புறம், வீட்டுக்குப் போன் பேச மொட்டைமாடிக்குப் போங்கள். அம்மாவிடம் நீங்கள் “ம்ம், பணம் வந்துச்சா” என்று கேட்பதை வைத்தே பக்கத்துக் கட்டில்காரர் பாதிக் கதையைப் புரிந்துகொள்வார். ஏப்ரலில் அங்கே கொஞ்சம் காற்றும் வரும்.