அடாப்டரில் ஓடுகிறது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை: கெட்டது எது?

கேள்வி: நான்கு வருடப் பழைய லேப்டாப். குண்டூசி மாதிரி நடுவில் பின் உள்ள உருண்டை முனை அடாப்டர், 65 வாட். சொருகினால் லேப்டாப் ஓடுகிறது, ஆனால் பேட்டரி 7 சதவீதத்திலேயே நிற்கிறது. "Plugged in, not charging" என்று காட்டுகிறது. ஒரு கடையில் மீட்டர் வைத்துப் பார்த்து, அடாப்டர் நல்லது, பேட்டரியை மாற்றுங்கள் என்றார்கள். இன்னொரு கடையில் மதர்போர்டு என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். மீட்டர் பார்த்ததை மட்டும் வைத்து அந்த அடாப்டரை நல்லது என்று சொல்லிவிட முடியாது.

டெல், எச்.பி. லேப்டாப்களோடு வரும் இந்த வகை முனையில் மூன்று இணைப்புகள் இருக்கின்றன. வெளிச்சுவர் நெகட்டிவ், உட்சுவர் பாசிட்டிவ். இவ்விரண்டுக்கும் இடையில்தான் 19.5 வோல்ட் வருகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய பின் மின்சாரம் கொண்டு வருவதில்லை. "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதுதான் அதன் வேலை. அந்த அடையாளம் கிடைக்காவிட்டால், லேப்டாப் கிடைக்கிற மின்சாரத்தில் ஓடும். பேட்டரிக்கு மட்டும் தராது. பல மாடல்களில் பிராசசரின் வேகத்தையும் வெகுவாகக் குறைத்துவிடும். சமீபமாக லேப்டாப் காரணமில்லாமல் மந்தமாகியிருந்தால் இதையே முதலில் சந்தேகியுங்கள். கடைக்காரரின் மீட்டர் உட்சுவரையும் வெளிச்சுவரையும்தான் அளக்கிறது. அடையாள ஒயர் அறுந்த அடாப்டரிலும் அது 19.5 என்றே காட்டும்.

நீங்களே மீட்டர் வைப்பதானால் நடுப் பின் மீது கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உட்சுவரும் பின்னும் ஒன்றாகத் தொட்டால் அடையாளச் சில்லு போய்விடும். நல்ல அடாப்டரும் அத்தோடு வீண்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பயாஸ் திரை. லேப்டாப்பை அணைத்து, அடாப்டரைச் சொருகி, ஆன் செய்தவுடன் டெல்லில் F2, எச்.பி.யில் F10 விசையைத் தட்டுங்கள். டெல்லில் பேட்டரி விவரப் பகுதியில் அடாப்டரின் வாட் இருக்கும். 65 W என்று வந்தால் அடையாளம் சரியாக வருகிறது. Unknown அல்லது None என்றால் வரவில்லை. சில டெல் மாடல்கள் ஆன் ஆகும்போதே "The AC power adapter wattage and type cannot be determined" என்று எச்சரிக்கும்.

அடையாளம் வரவில்லை என்றால் பேட்டரியை இப்போதைக்கு மறந்துவிடலாம். தவறு அடாப்டரிலா, லேப்டாப்பின் சார்ஜிங் ஜாக்கிலா என்பதுதான் இனிக் கேள்வி. அதே கம்பெனி, அதே முனை, 65 வாட் அல்லது அதற்கு மேல் உள்ள அடாப்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்குங்கள். அதில் சார்ஜ் ஏறினால் உங்கள் அடாப்டர்தான் கெட்டது. ஏறாவிட்டால் உங்கள் அடாப்டரை நண்பரின் லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள். அங்கே அடையாளம் சரியாகத் தெரிந்தால் ஜாக்கோ, அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஒயரோ பழுது.

இரவல் கிடைக்காதவர்களுக்கு ஒரு கைவேலை உண்டு. ஒரு கையால் முனையை ஜாக்கில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் முனைக்குப் பின்னால் இரண்டு அங்குலத்தில் ஒயரை மெல்ல வளையுங்கள். திரையில் சார்ஜ் ஏறும் குறி வந்து வந்து போனால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. இந்த அடாப்டர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறுகின்றன. பிறகு ஒயரை விட்டுவிட்டு முனையை மட்டும் மேலும் கீழும் லேசாக அசையுங்கள். அப்போது வந்து போனால் ஜாக் தளர்ந்திருக்கிறது. ஜாக்கின் வாய் கருத்திருப்பதும், முனை தொடமுடியாத அளவு சுடுவதும் அதே பழுதுதான். அதைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. பல மாடல்களில் ஜாக் குட்டி ஒயரோடு தனிப் பாகமாக வரும், சாலிடர் இல்லாமலே மாற்றிவிடலாம். "மதர்போர்டு" என்று சொன்ன கடையில், உங்கள் மாடலில் ஜாக் தனிப் பாகமா, போர்டில் ஒட்டியதா என்று கேளுங்கள். கூலி அதைப் பொறுத்தே மாறும்.

பயாஸில் 65 W என்று சரியாக வந்தும் ஏறவில்லையா? லேப்டாப்பை முழுதாக அணைத்து ஒரு மணி நேரம் சார்ஜில் விடுங்கள். அணைந்திருக்கும்போது ஏறி, ஓடும்போது ஏறாவிட்டால், அடாப்டர் பாரம் தாங்கவில்லை. சும்மா இருக்கும்போது 19.5 காட்டி, வேலை கொடுத்ததும் சரியும் அடாப்டர்கள் உண்டு. அணைத்தும் ஏறவில்லை என்றால்தான் பேட்டரியின் முறை. கமாண்ட் பிராம்ப்ட்டில் இதைத் தட்டுங்கள்:

```
powercfg /batteryreport
```

அது சேமித்த இடத்தைக் காட்டும். அந்தக் கோப்பைத் திறந்து DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY இரண்டையும் ஒப்பிடுங்கள். முதலாவது 42,000, இரண்டாவது 14,700 என்றால் 35 சதவீதம்தான் மிச்சம். அந்தப் பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். பேட்டரியே பட்டியலில் இல்லையென்றால் அது செத்திருக்கலாம், உள்ளே இணைப்பு கழன்றும் இருக்கலாம். டச்பேட் மேலெழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். 80, 85 சதவீதம் கொள்ளளவு காட்டும் பேட்டரி 7-லேயே நின்றால், பணம் கட்டும் முன் வேறு பேட்டரி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதிலும் ஏறாவிட்டால்தான் மதர்போர்டின் சார்ஜிங் சர்க்யூட் என்று முடிவு கட்டலாம்.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. உங்களுடையதற்கு 19.5 வோல்ட், 3.33 அல்லது 3.34 ஆம்பியர் என்று லேபிளில் இருக்கும். முனையில் 4.5, 7.4 மில்லிமீட்டர் என இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன, பழைய அடாப்டரைக் கையோடு கொண்டுபோங்கள். லேபிளில் பி.ஐ.எஸ். முத்திரையும் R- என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவு என்று வரும். மலிவான டூப்ளிகேட்டுகளில் அடையாளச் சில்லு சரியாக இல்லாமல், புதிதாய் வாங்கியும் பழைய கதையே நடப்பதுண்டு. அதனால் கடையிலேயே சொருகி, பயாஸில் 65 W வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என்னுடையது டைப்-சி. போன் சார்ஜரில் ஏறவில்லை, லேப்டாப் சார்ஜரிலும் இப்போது ஏறவில்லை. அதே சார்ஜரில் போன் மட்டும் ஏறுகிறது. அப்படியானால் போர்ட்தானே கெட்டது?

பதில்: அவசரப்பட வேண்டாம். போனுக்கு 5 அல்லது 9 வோல்ட் போதும். லேப்டாப் பெரும்பாலும் 20 வோல்ட் கேட்கிறது. போன் ஏறுவதால் சார்ஜர் 20 வோல்ட் தருகிறது என்று ஆகாது. போன் சார்ஜரில் ஏறாததும் பழுதல்ல. லேபிளில் 20V என்ற வரியே இல்லாத சார்ஜரைப் பல லேப்டாப்கள் ஏற்பதில்லை.

கழற்றும் கேபிளாக இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்டுக்கு மேல் போக, கேபிளுக்குள் அடையாளச் சில்லு வேண்டும். போனோடு வந்த கேபிள்களில் பெரும்பாலும் அது இருக்காது. இன்னொரு டைப்-சி போர்ட் இருந்தால் அதிலும் போட்டுப் பாருங்கள், ஆனால் எல்லா டைப்-சி போர்ட்டும் சார்ஜ் வாங்காது என்பதால் பக்கத்தில் பிளக் அல்லது பேட்டரிக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால், லேப்டாப்பை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் போர்ட்டின் ஓரங்களில் அடைந்த பஞ்சை எடுங்கள். நடுவிலுள்ள நாக்கை மட்டும் நெம்பாதீர்கள்.