ஷூ அளவை வைத்துச் சராசரி, இடைநிலையளவு, முகடு: எது எங்கே பொருந்தும்?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சராசரி, இடைநிலையளவு, முகடு மூன்றையும் பிள்ளைகளின் சொந்த ஷூ அளவுகளை வைத்தே நடத்தலாம் என்றிருக்கிறேன். அளவுகளை எப்படித் திரட்டுவது? "மூன்றில் எது சரி?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: பாடத்தின் வெற்றி தோல்வி அளவுகளைத் திரட்டும்போதே பாதி முடிவாகிவிடும். கையை உயர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரிய பாதம் உள்ள பிள்ளையையும் மிகச் சிறிய பாதம் உள்ள பிள்ளையையும் வகுப்பு கேலி செய்யும், அடுத்தவர் பொய் சொல்வார். பெயர் எழுதாத துண்டுச்சீட்டு போதும். அதில் ஷூ அளவு, மாணவனா மாணவியா என்ற இரண்டு விவரம் மட்டும் இருக்கட்டும். முந்தைய நாளே சொல்லிவிட்டால் வீட்டில் ஷூவின் அடிப்பகுதியிலோ நாக்கின் உட்புறத்திலோ பார்த்து எழுதி வருவார்கள். எண் அழிந்து போனவர்களும் ஷூ இல்லாதவர்களும் சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீண்ட விரலின் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து வரட்டும். கடையில் கிடைக்கும் அளவு அட்டையைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

சீட்டுகளில் இரண்டு பொறிகள் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுதான் புழக்கம். அது குழந்தைகளுக்கு 13 வரை போய், மறுபடி 1 என்று தொடங்குகிறது. ஆகவே சிறு பாதம் உள்ள ஒருவர் 13 என்று எழுதினால் அது வகுப்பிலேயே பெரிய ஷூ அல்ல, 1-க்கு ஒரு படி கீழே உள்ள ஷூ. அதை 0 என்றும், குழந்தை அளவு 12-ஐ −1 என்றும் மாற்றினால் வரிசை சரியாகிவிடும். முழுக்களை நடத்தியிருப்பீர்கள் என்பதால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். இரண்டாவது, சில செருப்புகளில் 36, 37 என ஐரோப்பிய அளவு இருக்கும். 37 ஏறத்தாழ பிரிட்டிஷ் 4. இரண்டு முறைகளையும் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

இனி ஒரு மாதிரி வகுப்பை வைத்துப் பார்ப்போம். 24 பேர். அளவு 1 ஒருவர், 2 மூவர், 3 ஏழு பேர், 4 நால்வர், 5 மூவர், 6 ஐவர், 7 ஒருவர். இதைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதுவதற்கு முன் பிள்ளைகளை வராந்தாவில் நிற்க வையுங்கள். சீட்டுகளைக் கலைத்து ஆளுக்கொன்று கொடுத்தால் யாருடைய அளவு யாரிடம் என்று தெரியாது. கையிலுள்ள எண்ணின்படி ஏறுவரிசையில் நிற்கட்டும். இரு முனையிலிருந்தும் ஒவ்வொருவராக உட்காரச் சொன்னால் கடைசியில் 12-வது, 13-வது ஆட்கள் மிஞ்சுவார்கள். இருவர் கையிலும் 4. இடைநிலையளவு 4. ஒரே எண் உள்ளவர்கள் முன்னும் பின்னுமாக வரட்டும். எந்த எண்ணுக்குப் பின்னால் வரிசை நீளம் என்று பார்த்தால் 3. அதுவே முகடு. சராசரிக்கு மொத்தம் 96, அதை 24-ஆல் வகுத்தால் 4.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மறந்து 1 முதல் 7 வரை கூட்டி ஏழால் வகுப்பார்கள். அதற்கும் 4 வரும். அந்த ஏழு எண்களின் நடுவிலும் 4-தான். தவறான வழியிலும் சரியான விடை கிடைத்துவிடுவதால் தவறு வெளியே தெரியாது. இதை உடைக்க உடற்கல்வி ஆசிரியரின் 10-ஆம் எண் ஷூவைச் சேருங்கள். இப்போது 25 பேர், மொத்தம் 106, சராசரி 4.24. தவறான வழியில் போனவர்களுக்கு 38-ஐ எட்டால் வகுத்து 4.75 வரும். இடைநிலையளவு என்று அவர்கள் 4.5 சொல்வார்கள், உண்மையில் 13-வது ஆளின் அளவான 4 அசையவே இல்லை. இன்னும் இரண்டு தவறுகளையும் கவனியுங்கள். முகடு எது என்றால் 3-க்குப் பதில் "7" என்பார்கள், அது எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இடைநிலையளவு "13" என்பார்கள், அது வரிசையில் இடம்.

பெரிய எண் ஒன்று வந்ததும் சராசரி மட்டும் நகர்ந்ததைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அடுத்து உடற்கல்வி ஆசிரியரை எடுத்துவிட்டு, 4 அணியும் ஒருவர் 37 என்று எழுதிவிட்டதாக வைத்துப் பாருங்கள். மொத்தம் 129, சராசரி 5.375. வகுப்பில் 17 சீட்டுகளில் உள்ள எண் அதைவிடச் சிறியது! இடைநிலையளவும் முகடும் அப்படியே நிற்கின்றன. சராசரி திடீரென்று ஏறினால் முதலில் சீட்டுகளைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

இப்போது "எது சரி?" என்ற கேள்விக்கு வருவோம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லாமல் அதற்கு விடை இல்லை, அதனால் வேலையைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே அளவில் 24 ஜோடி வாங்கினால் அதிகம் பேருக்குச் சரியாகப் பொருந்த எதை வாங்குவது? 4 வாங்கினால் நால்வருக்கு, 3 வாங்கினால் ஏழு பேருக்கு. இங்கே முகடுதான் வெல்கிறது. யாராவது ஒருவர் "பெரிய ஷூவையாவது பஞ்சு வைத்துப் போடலாமே" என்பார். அது நல்ல கேள்வி. பொருந்தாமையில் சிறியதும் பெரியதும் சமமல்ல என்று அவர் கண்டுகொண்டார், சராசரி, இடைநிலையளவு, முகடு மூன்றுமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் கடைக்காரருக்கு முகடு என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். சீட்டுகளை மாணவர், மாணவியர் என்று பிரியுங்கள். நம் மாதிரியில் மாணவியர் 12 பேரில் ஆறு பேர் 3, மாணவர் 12 பேரில் ஐந்து பேர் 6. அதாவது வகுப்பில் இரண்டு குன்றுகள் இருக்கின்றன. சராசரியும் இடைநிலையளவும் காட்டும் 4, அவற்றுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் நிற்கிறது. இந்த நிலையில் ஒற்றை எண் எதுவும் வகுப்பைச் சொல்லாது. இரு பிரிவுக்கும் தனித்தனி முகடு சொல்வதே நேர்மை. உண்மையில் ஷூ வாங்க வேண்டுமென்றால் எந்த அளவு எத்தனை என்ற அட்டவணையைத்தான் கடைக்கு அனுப்ப வேண்டும்.

சராசரிக்கும் ஒரு வேலை உண்டு. ஜூனிலும் மார்ச்சிலும் திரட்டி ஒப்பிட்டால், 12 பேருக்கு ஒரு அளவு கூடியிருந்தாலே சராசரி 0.5 ஏறிவிடும். இடைநிலையளவு நகராமலும் இருக்கலாம். வளர்ச்சியைப் பார்க்கச் சராசரி நல்லது. பிரிட்டிஷ் அளவில் ஒரு படி என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லிமீட்டர் என்பதால் வித்தியாசத்தை நீளமாகவும் மாற்றிச் சொல்லலாம். "4 அளவு, 2-ஐப் போல் இரு மடங்கு" என்று யாராவது சொன்னால் மட்டும் திருத்துங்கள். படிகள் சமம், ஆனால் 0 என்பது நீளமில்லாத பாதம் அல்ல.

மதிப்பெண் இடும்போது எண்ணுக்கு ஒன்று, "இந்த வேலைக்கு இது, ஏனென்றால்…" என்ற வாக்கியத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தவறான அளவைத் தேர்ந்து நல்ல காரணம் எழுதியவருக்கும் அந்த இரண்டில் ஒன்று கொடுக்கலாம்.