உரிய அலுவலர் யார்?

*திருநெல்வேலி அருகே ஒரு நூற்பாலையில் பணியாளர் பிரிவில் இருக்கிறேன். விடுப்பு பற்றிய எங்கள் உள் சுற்றறிக்கையை மேலாளர் திருப்பி அனுப்பி, ‘எல்லாருக்கும் புரிகிற மாதிரி எழுது’ என்கிறார். எளிமையாக எழுதினால் நிர்வாகத்தின் மரியாதை குறையாதா? நான் எழுதியது இதுதான்: ‘தவிர்க்க இயலாத காரணங்களால் பணிக்கு வர இயலாத நிலை ஏற்படும் பட்சத்தில், அது குறித்த தகவல் உரிய நேரத்திற்குள் உரிய அலுவலருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதும், அவ்வாறு தெரிவிக்கப்படாத நாள் ஊதியமில்லா விடுப்பாகக் கருதப்படும் என்பதும், இது தொடர்பான இறுதி முடிவு நிர்வாகத்தால் மேற்கொள்ளப்படும் என்பதும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.’ எல்லாரும் படித்துக் கையெழுத்துப் போட்டதுதான். போன மாதம்கூட, அப்பா தவறிய அன்று கேட் வாட்ச்மேனுக்கு மட்டும் போன் செய்து சொன்ன ஒருவருக்கு, இதன்படிதான் ஒரு நாள் சம்பளம் பிடித்தோம்.*

*— ஒரு வாசகர், பாளையங்கோட்டை*

அன்புள்ள வாசகருக்கு,

மரியாதையைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தின் கடைசிச் சொல்லில் என் கண் நின்றுவிட்டது. ‘பிடித்தோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எழுதும்போது யார் பிடித்தது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அந்த மனிதருக்கு எழுதிய சுற்றறிக்கையில் மட்டும் அது ‘கருதப்படும்’ ஆகிவிட்டது. கருதுகிறவர் யார்?

பெற்ற தகப்பன் இறந்து கிடக்கும் வீட்டில், சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்புவதும் காரியங்களுக்கு ஏற்பாடு செய்வதும் மகனின் தலையில் விழுகின்றன. அந்த நேரத்திலும் ஆலையை நினைத்து, தனக்குத் தெரிந்த ஓர் ஆளுக்குப் போன் செய்திருக்கிறார். தன் கடமையை அவர் செய்துவிட்டார். அவருக்கு யாரும் துட்டி கேட்கப் போனதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்பளம் பிடித்த செய்தி மட்டும் இருக்கிறது. எந்த வேலையாக இருந்தாலும், துட்டி வீட்டுக்காரரிடம் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் நம் பக்கம் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் பக்கம் சரியாக இல்லை. வாட்ச்மேன் உரிய அலுவலர் இல்லை என்று உங்கள் சுற்றறிக்கையில் எங்கே இருக்கிறது?

பென்சிலை எடுத்து அந்த வாக்கியத்தில் ‘படு’ சேர்ந்து வரும் செயப்பாட்டு வினைகளை வட்டமிடுங்கள். தெரிவிக்கப்பட, தெரிவிக்கப்படாத, கருதப்படும், மேற்கொள்ளப்படும், தெரிவித்துக்கொள்ளப்படுகிறது என்று ஐந்து வரும். ஒவ்வொன்றின் மேலும் ‘யார்?’ என்று எழுதி, பதிலாக ஒரு பதவிப் பெயரையோ ‘நீங்கள்’, ‘நாங்கள்’ என்பதையோ போடுங்கள். ‘நிர்வாகத்தால்’ என்பது பதில் ஆகாது; நிர்வாகத்துக்குப் போன் நம்பர் கிடையாது. பிறகு இரண்டு ‘உரிய’வையும் அடித்துவிட்டு, அந்த இடங்களில் எத்தனை மணிக்குள் என்பதையும் ஓர் ஆளையும் எழுதுங்கள். இங்கேதான் உங்கள் கை நிற்கும். சொல் கிடைக்காததால் நிற்காது. யாரிடம், எத்தனை மணிக்குள், பிறகு யார் முடிவு செய்வது என்பதை உங்கள் ஆலையில் ஒருவருமே தீர்மானிக்கவில்லை என்பதால் நிற்கும். அந்த ஓட்டையைத்தான் செயப்பாட்டு வினை இத்தனை நாளும் மூடி வைத்திருந்தது.

ஓட்டையை நீங்களாக அடைத்துவிடாதீர்கள். நடையைத் திருத்துகிறவருக்கு விதியை மாற்றும் அதிகாரம் இல்லை. அந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோய், பதிலை வாங்கிக்கொண்டு வந்து எழுத உட்காருங்கள். அவருடைய பதில்கள் இப்படி இருந்தால், சுற்றறிக்கை இப்படி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘திடீரென்று வேலைக்கு வர முடியாமல் போனால், அன்று உங்கள் ஷிப்ட் முடிவதற்குள் உங்கள் சூப்பர்வைசருக்குப் போன் செய்யுங்கள். உங்களால் பேச முடியாவிட்டால், உங்களுக்காக வேறு ஒருவர் பேசலாம். தகவல் வராவிட்டால், அந்த நாளைச் சம்பளமில்லாத விடுப்பாக எழுதுவோம். அது தவறு என்று நினைத்தால், மூன்று நாட்களுக்குள் பணியாளர் மேலாளரிடம் சொல்லுங்கள். அவர் விசாரித்து முடிவு சொல்வார்.’

நீங்கள் ஒரே வாக்கியமாக எழுதியது இங்கே ஐந்தாகியிருக்கிறது. தமிழில் வினை கடைசியில்தான் வரும். நீங்களோ முன்னால் மூன்று ‘என்பதும்’ அடுக்கிவிட்டு, கடைசியில் ‘தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று முடித்திருக்கிறீர்கள். அத்தனை தூரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்குக் கடைசியில் கிடைக்கும் செய்தி, அவருக்குச் செய்தி சொல்லப்படுகிறது என்பதுதான். அது தாளைக் கையில் வாங்கியபோதே அவருக்குத் தெரியும். ‘இயலாத நிலை ஏற்படும் பட்சத்தில்’ என்ற நான்கு சொற்களுக்கு ‘முடியாமல் போனால்’ என்ற இரண்டு போதும்.

வாக்கியம் முடியும் வினையில் கவனமாக இருங்கள். செய்தே தீர வேண்டியதற்கு ‘செய்யுங்கள்’ அல்லது ‘வேண்டும்’, விருப்பத்துக்கு விட்டதற்கு ‘லாம்’, தடைக்குக் ‘கூடாது’ என்று ஒரே அளவாகப் போடுங்கள். பணிவாக இருக்கட்டும் என்று ‘போன் செய்யலாம்’ என்று எழுதினால் கடமை விருப்பமாகிவிடும். நாளைக்கு ஒருவர் போன் செய்யாமல் இருந்துவிட்டு அந்த வரியைக் காட்டினால் உங்களிடம் பதில் இருக்காது. ‘செய்யுங்கள்’ என்ற ‘உங்கள்’ விகுதியிலேயே நீங்கள் தேடும் மரியாதை இருக்கிறது. நம் வீட்டுக்கு வந்தவரை ‘உட்காருங்கள்’ என்றுதானே சொல்கிறோம்?

செயப்பாட்டு வினையையே ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பழைய இலக்கண உரைகளில் ‘திண்ணை மெழுகிற்று’ என்று ஓர் எடுத்துக்காட்டு வரும். மெழுகியவர் யார் என்று சொல்லாமல், திண்ணையே மெழுகியது போலச் சொல்வதும் வழக்குதான் என்பார்கள். திண்ணை சுத்தமானது தெரிந்தால் போதும் என்ற இடத்தில் ஆளைச் சொல்ல வேண்டியதில்லை. ‘கேட் பூட்டப்பட்டிருந்தால் மணியை அடியுங்கள்’ என்று தாராளமாக எழுதுங்கள். பூட்டியவரைத் தேடி யாரும் அலையப் போவதில்லை. சம்பளம் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஆளை மறைக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்க ஓடாதீர்கள். கையெழுத்து என்பது தாள் கைக்கு வந்ததற்குச் சாட்சி, புரிந்ததற்குச் சாட்சி ஆகாது. ‘புரிஞ்சுதா?’ என்றும் கேட்காதீர்கள். புரியவில்லை என்று மேலதிகாரியிடம் சொல்ல எல்லாருக்கும் கூச்சம் இருக்கும். அந்த வாட்ச்மேனிடமே போய் ஒரு தடவை படிக்கக் கொடுத்து, தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ‘அண்ணாச்சி, நாளைக்குக் காலையில ஒருத்தர் வீட்ல துட்டின்னு உங்களுக்குப் போன் பண்ணினா, அவர்ட்ட என்ன சொல்லுவீங்க?’ என்று கேளுங்கள். ‘சூப்பர்வைசருக்குப் போன் பண்ணச் சொல்லுவேன்’ என்று தயங்காமல் வந்தால் தாளை ஒட்டலாம். ‘நான் சொல்லிக்கிடுதேன்னு சொல்லுவேன்’ என்று அவர் சொன்னால், மறுபடி மேலாளரிடம் போங்கள். வாட்ச்மேன் வாங்கிய தகவல் செல்லுமா என்பதையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும். செல்லும் என்றால் அதையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் நீங்கள் எழுத வேண்டிய கடிதம் ஒன்று இருக்கிறது. மேலாளருக்கு, இன்றைக்கே, இப்படி எழுதுங்கள்: ‘யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நான் சுற்றறிக்கையில் எழுதவில்லை. அதனால் தந்தையை இழந்த பணியாளர் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தவறாகப் பிடித்தேன். இந்த மாதச் சம்பளத்தோடு அதைச் சேர்த்துக் கொடுக்க அனுமதி தாருங்கள்.’