மணித்தியாலத்துக்கு எத்தனை ரூபாய்?

"சனி, ஞாயிறு இரண்டும் சேர்த்து நாலு மணித்தியாலம்தான் எனக்குக் கேம் விளையாடக் கிடைக்கும். ஸ்டீமில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். 'தி விட்சர் 3'க்கு 6,000 ரூபாய் ஆகும், 'இன்சைட்'டுக்கு 3,000. விலையை மணித்தியாலத்தால் வகுத்துப் பார், விட்சர்தான் மலிவு என்கிறான் நண்பன். அவன் கணக்குச் சரியா, அண்ணா?"
- வாசகர், வெள்ளவத்தை

வகுத்தல் சரிதான், தம்பி. எந்த எண்ணால் வகுக்கிறான் என்பதில்தான் சிக்கல்.

கேமை முடிக்க ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று திரட்டும் HowLongToBeat தளத்தில் விட்சரின் முதன்மைக் கதைக்கு மட்டும் ஏறக்குறைய 50 மணித்தியாலம் போட்டிருக்கும். கிளைக் கதைகளையும் சேர்த்தால் 100 வரும். இன்சைட் மூன்றரையில் முடிந்துவிடும். ஆக, விட்சர் மணிக்கு 120 ரூபாய், இன்சைட் கிட்டத்தட்ட 860. ஆனால் அந்த 50 மணித்தியாலம் முடித்தவர்களுடையது. வாரத்துக்கு நாலு என்றால் உங்களுக்கு மூன்று மாதம் பிடிக்கும், கிளைக் கதைகளோடு ஆறு மாதம். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் எந்தப் பொத்தான் எதற்கு, யாரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகும். நீண்ட கேம்கள் பெரும்பாலும் அங்கேதான் கைவிடப்படுகின்றன.

ஸ்டீம் லைப்ரரியைத் திறந்து, இதுவரை வாங்கிய நீண்ட கேம்களில் எத்தனை மணித்தியாலம் விளையாடியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வழக்கமாகப் பத்தில் நிறுத்துகிறவர் என்றால் உங்களுக்கு விட்சர் மணிக்கு 600 ரூபாய். ஏழு மணித்தியாலத்திலேயே அலுத்துவிட்டால் இரண்டும் ஒரே விலைதான்.

அப்போதும் நண்பர் விடமாட்டார்: "பத்தில் விட்டாலும் 600, 860-ஐ விடக் குறைவுதானே?" உண்மை. ஏழு மணித்தியாலத்துக்கு முன்பே விட்சரைக் கைவிட்டால் ஒழிய, இந்தக் கணக்கில் குட்டிக் கேம் ஜெயிக்க முடியாது. விட்சரில் குதிரையில் ஊர் ஊராய்ப் போகும் நேரமும் இந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலம்தான், இன்சைட்டில் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரமும் ஒரு மணித்தியாலம்தான். அதனால் இரண்டு நீண்ட கேம்களுக்கு நடுவே தேர்ந்தெடுக்க இந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதையும் குட்டியையும் ஒப்பிட இது உதவாது.

விலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீம் நமக்கு டொலரில்தான் விலை காட்டும். வங்கி மாற்று விகிதமும் கட்டணமும் சேர்ந்து கார்ட் ஸ்டேட்மென்டில் வருகிற ரூபாய்தான் உண்மையான விலை. விட்சருக்கு 50 ஜிபி இடம் வேண்டும், இன்சைட்டுக்கு 3 ஜிபி போதும். டவுன்லோடுக்காக மாத நடுவில் கூடுதல் டேட்டா வாங்கினால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குள் இன்சைட்டில் பாதியைத் தாண்டியிருப்பீர்கள், பிடிக்குமா என்று நன்றாகவே தெரிந்துவிடும். விட்சரில் தொடக்கக் கிராமத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

உங்கள் லைப்ரரியில் 50 மணித்தியாலம் தாண்டிய கேம் ஒன்றாவது இருந்தால் விட்சரை வாங்குங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு இன்சைட். விட்சர் தள்ளுபடிக்கு அடிக்கடி வரும், விஷ்லிஸ்டில் போட்டு வையுங்கள்.